லயத்து வாசலில் புல்தரை

நெகிரி செம்பிலானில் இப்போது இல்லாத ஒரு ரப்பர் தோட்டத்தை இரண்டு இளைஞர்கள் கணினியில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகிற வழியில் இருந்த தோட்டம். பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் நானும் சொல்லவில்லை. மொத்தம் பதினொரு படங்கள். துரை பங்களா நான்கு படங்களில் வருகிறது, லயம் ஐந்தில். பால் ஸ்டோருக்கு ஒன்று, மாரியம்மன் கோயிலுக்கு ஒன்று. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில், இரவு வேலை முடிந்த நேரங்களில் செய்திருக்கிறார்கள். உழைப்பு தெரிகிறது. தகரக் கூரையின் நெளிவுகூட எண்ணிச் செய்யப்பட்டிருக்கிறது.

படங்களைப் பார்த்த பலரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "பங்களா நல்லா நிக்குது. லயம் மட்டும் ஏதோ மிதக்குற மாதிரி இருக்கு." ஒரே மென்பொருள், ஒரே சூரியன், அதே இரண்டு பேரின் கை. ஒரு கட்டடம் நிலத்தில் உட்காருகிறது, இன்னொன்று உட்காரவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நன்றாக நிற்கிற பங்களா. மேட்டின் மேல் செங்கல் தூண்களில் தூக்கிக் கட்டிய பலகை வீடு, சுற்றிலும் வராந்தா, அகலமான கூரை விளிம்பு. முன்னால் புல்தரை, படிக்கட்டு வரை வரும் சரளைப் பாதை, இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட செம்பருத்தி வேலி. இந்த மூன்றையும் அவர்கள் வெறும் அலங்காரமாக வைக்கவில்லை. ஒவ்வொன்றும் வீட்டை நிலத்தோடு தைக்கிற ஒரு தையலாக வேலை செய்கிறது.

புல்தரையைப் பாருங்கள். அது சுவர் வரைக்கும் ஓடி மோதவில்லை. தூண் வரிசைக்கு ஒரு சாண் முன்னாலேயே மண்வெட்டியால் வெட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த வெட்டு விளிம்பு நான்கைந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள சின்னப் படி. அதற்குள் மெல்லிய நிழல் விழுகிறது. இப்படிப் பச்சைக்கும் வீட்டுக்கும் நடுவில் மண்ணின் ஒரு பட்டை கிடைக்கிறது, அந்தப் பட்டை இருப்பதால்தான் வீடு புல்லின் மேல் வைத்த பொம்மையாகத் தெரிவதில்லை. சரளைப் பாதையும் அப்படித்தான். புல்லைவிடச் சற்றுத் தாழ்ந்து, நடுவில் லேசாகக் குவிந்து, ஓரத்தில் சில கற்கள் புல்லுக்குள் தெறித்துக் கிடக்கின்றன. சில புற்கள் சரளைக்குள் ஊர்ந்து வந்திருக்கின்றன. இரண்டு பரப்புகள் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றதற்குள் கொஞ்சம் நுழைந்தால் கண் நம்பிவிடும். கத்தியால் வெட்டியது போல் கோடு விழுந்தால் நம்பாது.

வேலியில்தான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். கணினியில் வேலி செய்வது சுலபம். ஒரு நீண்ட பெட்டி, அதன் மேல் முழுக்க இலைகள். ஆனால் உண்மையான செம்பருத்தி வேலி அடியில் இலையோடு இருக்காது. மேலே அடர்த்தியாக இருப்பதால் கீழே வெளிச்சம் போகாது, முழங்காலுக்குக் கீழே வெறும் தண்டுகள் நிற்கும். தண்டுகளுக்கிடையில் இருட்டும், தரையில் சருகும் காய்ந்த பூவும் கிடக்கும். இவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். வேலியின் அடியிலுள்ள அந்த ஒழுங்கற்ற இருட்டு வேலியைத் தரையோடு கட்டிவிடுகிறது. வேலி தரையில் நின்றால், அதன் பின்னால் இருக்கிற வீடும் தரையில் நிற்பதாகக் கண் எடுத்துக்கொள்கிறது.

இந்த விஷயம் புதிதல்ல. ஆங்கிலேயத் தோட்டக்கலை வல்லுநர் ஹம்ஃப்ரி ரெப்டன் (1752–1818) இதோடுதான் மல்லுக்கட்டினார். அவருக்கு முந்தைய தலைமுறையில் கேப்பபிலிட்டி பிரவுன் மாளிகைகளின் சுவர் வரைக்கும் புல்வெளியைக் கொண்டுவந்தார். ரெப்டன் வீட்டுக்கும் புல்லுக்கும் நடுவில் மறுபடியும் மேடையையும் பாதையையும் பூம்பாத்தியையும் கொண்டுவந்து வைத்தார். துரைமார்கள் மலாயாவுக்குக் கப்பலில் கொண்டுவந்த பங்களாத் தோட்டத்தின் பின்னால் அந்த மரபு இருக்கிறது. ஆகவே புல், சரளை, வேலி என்ற மூன்றும் சேர்ந்து பங்களாவை நிறுத்துவதில் வியப்பில்லை. அந்த வீட்டை அப்படிக் காட்டுவதற்கென்றே அவை அங்கே போடப்பட்டன. புல் வெட்டியதும் வேலி நறுக்கியதும் லயத்து ஆட்கள் என்பது வேறு கதை. முழுக்க வேறு கதை என்றும் சொல்ல முடியாது, கடைசியில் வருகிறேன்.

இனி லயம். ஆறாவது படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எட்டு வாசல் உள்ள ஒரு வரிசை. முன்னால் அஞ்சடி, தகரக் கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர். முன்னால் என்ன இருக்கிறது? புல்தரை. நடுவில் சரளைப் பாதை. ஓரத்தில் செம்பருத்தி வேலி. பங்களாவுக்குச் செய்ததையே நகலெடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டேன். "அண்ணே, பங்களாவுக்குப் பழைய படம் நெறைய கெடச்சுச்சு. தரை, தோட்டம் எல்லாம் தெளிவா இருக்கு. லயத்துக்குக் கல்யாணப் படமும் சாவு வீட்டுப் படமும்தான் இருக்கு. அதுல தரையே தெரியல." உண்மைதான். அந்தப் படங்களில் தரை ஆட்களின் காலுக்குக் கீழே மறைந்துகிடக்கிறது. யாரும் லயத்து வாசலைப் படம் எடுக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. வாசலில் நின்றவர்களைத்தான் எடுத்தார்கள்.

அதில் ஒருவரின் பாட்டி அந்த லயத்திலேயே பிறந்தவர். பேரன் மடிக்கணினியில் ஆறாவது படத்தைக் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "வீடு நம்ம வீடுதான்யா. வாசல் யாரு வாசல் இது?" என்றார். பிறகு, "புல்லு இருந்தா பாம்பு வரும்னு எங்கம்மா ஒரு புல்லு விடாது. தெனம் கூட்டும்" என்றார். விமர்சனமாக நான் எழுத நினைத்ததில் பாதியை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். மீதிப் பாதி நிழலைப் பற்றியது.

வீடு மிதக்கிறது என்று தெரிந்ததும் இளைஞர்கள் முதலில் செய்தது, நிழலைக் கூட்டியது. சுவரும் தரையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு, கண்ணுக்கு மை தீட்டியது போல. இது எல்லோரும் செய்கிற வைத்தியம், பெரும்பாலும் நோயை அதிகமாக்கும். தொடுநிழல் என்பது கோடு அல்ல. ஒரு பொருள் தரையைத் தொடும் இடத்தில் வானத்தின் வெளிச்சம் மறைக்கப்படுவதால் வரும் இருட்டு அது. வெட்டவெளியில் தரையில் ஒரு புள்ளி முழு வானத்தையும் பார்க்கிறது. உயரமான நீண்ட சுவரின் அடியிலுள்ள புள்ளி பாதி வானத்தைத்தான் பார்க்கிறது. சுவரிலிருந்து விலக விலக வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைக்கும். சுவரின் உயரம் அளவுக்காவது தள்ளிப் போனால்தான் அந்த மங்கல் பெரும்பாலும் மறையும். அதாவது தொடுநிழலில் இரண்டு அளவுகள் உண்டு. மூலையில் விரல் அகலத்துக்கு ஓர் ஆழமான இருட்டு. அதைச் சுற்றி ஓரிரண்டு மீட்டருக்குப் பரவி மெல்லக் கரையும் மங்கல். இவர்கள் முதலாவதை மட்டும் கையால் வரைந்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள். அதனால் வீடு கறுப்பு நூலால் சுற்றிக் கட்டிய அட்டைப்பெட்டி போல ஆகிவிட்டது.

கணினி இதைத் தானாகவே கணக்குப் போடாதா என்று கேட்கலாம். ஒளிக்கதிரைத் தடம் பிடித்துக் கணக்கிடும் முறையில் போடும். ஆனால் கொடுத்த வடிவத்தை வைத்துத்தான் போடும். ஆறாவது படத்தின் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தபோது சுவரின் அடி தரைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே நின்றது. அந்த இடைவெளி வழியாகப் பின்புறத்து வெளிச்சம் கசிந்தது. அதை மறைக்கத்தான் கறுப்புக் கோடு. சுவரைத் தரைக்குள் பத்து சென்டிமீட்டர் இறக்கியிருந்தால் கோடே தேவைப்பட்டிருக்காது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இது உடனே தெரியும். படத்தின் மிக இருட்டான இடம் வீட்டின் அடியில் எங்கோ இருக்க வேண்டும், ஆனால் ஒரே தடிமனில் ஒரு கோடாக இருக்கக் கூடாது.

விழுநிழலுக்கு இன்னொரு சோதனை உண்டு. வானத்தில் சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகைக்குச் சற்று அதிக அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் விளிம்பு, நிழலை விழவைக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு மங்கும். தூணின் அடியில் நிழல் கூர்மையாகத் தொடங்கும். 3 மீட்டர் தள்ளியிருக்கிற கூரை விளிம்பின் நிழல் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கியிருக்கும். ஒரு படத்தில் நிழல் எங்கும் ஒரே கூர்மையோடு இருந்தாலும், எங்கும் ஒரே மங்கலோடு இருந்தாலும், அந்த வீடு மிதக்கும். பங்களாப் படங்களில் இது சரியாக இருக்கிறது. பிளெண்டரில் சூரிய விளக்குக்கு `Angle` என்று ஓர் அளவு உண்டு. அதை அங்கே மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். லயத்துப் படத்தில் 'மென்மையாக இருக்கட்டும்' என்று பத்து மடங்கு ஏற்றிவிட்டார்கள். மேகமூட்டம் வேண்டுமென்றால் சூரியனையே குறைத்து வானத்தைக் கூட்ட வேண்டும், சூரியனை ஊத வைக்கக் கூடாது.

இதெல்லாம் எந்த ஊர்ப் படத்துக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கட்டடத்தை நிலத்தில் நிறுத்தும் வித்தையைச் சொல்லிக்கொடுக்கிற பாடங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. அங்கே சூரியன் சாய்வாக வரும். வீட்டின் நிழல் புல்வெளியின் மேல் நீளமாகப் படுத்துக்கிடக்கும். அந்த நிழலே வீட்டை நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும். நெகிரி செம்பிலான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2.7 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகலில் சூரியன் நேரே தலைக்கு மேலே. மார்ச் 21 அன்று உச்சிப்பொழுதில் 3 மீட்டர் உயரக் கூரை விளிம்பின் நிழல் ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் நகரும். டிசம்பர் கடைசியில் அது ஒன்றரை மீட்டருக்கு வடக்கே விழும். ஜூன் கடைசியில் ஒரு மீட்டருக்குச் சற்று மேலாகத் தெற்கே விழும். ஆண்டு முழுக்க நண்பகல் நிழல் வீட்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டே இருக்கும், பக்கம் மட்டும் மாறும்.

நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேர முன்னேற்றத்தில் ஓடுகிறது. அதற்கு முன்பு ஏழரை மணி. இப்போதைய கடிகாரப்படி சிரம்பானில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணி வாக்கில். இவர்கள் காட்ட நினைத்தது 1960களில் பால் எடுத்து முடிந்து ஆட்கள் லயத்துக்குத் திரும்புகிற பன்னிரண்டு மணி. `Sun Position` கருவியில் `UTC Zone` என்ற இடத்தில் 8 போட்டார்கள். 7.5 போட்டிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் சூரியன் ஏழெட்டுப் பாகை ஏறிவிடும். கூரை நிழல் ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவாகத் தள்ளிப்போகும். பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்த நிழல் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் இந்தப் படத்தின் உயிர்.

காரணம், அகலமான கூரை உள்ள வீட்டில் சுவரடி ஏற்கெனவே நிழலுக்குள் கிடக்கிறது. அஞ்சடியின் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். உச்சிவெயிலில் சுவர், அஞ்சடித் தரை, வாசற்படி எல்லாம் ஒரே மங்கலுக்குள் இருக்கும். வெயிலும் நிழலும் சந்திக்கும் கோடு வெளியே, மண்ணின் மேல், கூரை விளிம்புக்கு நேர் கீழே விழும். கண் வீட்டையும் நிலத்தையும் இணைத்துப் பார்ப்பது அந்தக் கோட்டில்தான். வெப்பமண்டலத்தில் வீடு நிலத்தைத் தொடும் இடம் கூரையின் ஓரம் என்றே சொல்லலாம். இளைஞர்கள் சுவரடியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை அங்கே இல்லை.

அந்தக் கோட்டில் என்ன இருக்கும்? தகரக் கூரைக்குப் பீலி வைக்காத லயங்களில் மழைத் தண்ணீர் நேரே கீழே விழும். சிமெண்டு வடிகால், அதாவது லோங்காங், சரியாக அந்த இடத்தில்தான் ஓடும். ஒரு அடி அகலம், உள்ளே ஈரம், ஓரத்தில் பாசி. லோங்காங் போடாத பின்பக்கத்தில் தண்ணீர் சொட்டிச் சொட்டி மண்ணில் வரிசையாகக் குழிகள் விழுந்திருக்கும், தகரத்தின் ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு குழி. குழிக்குள் மண் கரைந்து பொடிக்கற்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். கூரையின் நெளிவு அப்படியே தரையில் அச்சாகிக் கிடக்கிறது. ஒரு வீட்டை நிலத்தோடு இணைக்க இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? ஆறாவது படத்தில் அந்த இடத்தில் பச்சைப் புல் விறைத்து நிற்கிறது.

அடுத்தது செம்மண். காற்றோடு வரும் மழை தரையில் மோதிச் சுவரில் தெறிக்கும். சுண்ணாம்புச் சுவரின் அடியில் ஒரு முழம் உயரத்துக்குச் செம்மண் கறை ஏறியிருக்கும். கீழே அடர்த்தி, மேலே போகப் போகப் புள்ளி புள்ளியாகக் கரையும். மூலைகளில் கூடுதல், அஞ்சடிக்குள் இருக்கும் சுவரில் குறைவு. அதோடு வெயிலில் கிடக்கும் செம்மண் தன் நிறத்தை மேலே வீசும். கூரையின் அடிப்பக்கமும் சுவரின் கீழ்ப்பாதியும் லேசாகச் சிவந்திருக்கும். பங்களாவில் வராந்தாக் கூரையின் அடி லேசாகப் பச்சையாக இருப்பது புல்லிலிருந்து வந்த வெளிச்சத்தால். புல்லை லயத்துக்கு நகலெடுத்தபோது அந்தப் பச்சையும் கூடவே வந்துவிட்டது. தெரிந்து செய்ததல்ல, கணினி தன் வேலையைச் சரியாகச் செய்தது. பாட்டிக்கு அந்நியமாகத் தெரிந்ததில் இந்தப் பச்சைக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாதை விஷயமும் அப்படியே. லயத்துக்கு நேர்கோட்டில் சரளைப் பாதை போட்டு யார் கொடுத்தார்கள்? அங்கே இருப்பது கால் போட்ட பாதை. ஒவ்வொரு வாசற்படியிலிருந்தும் கோணலாகக் கிளம்பி, பொதுக் குழாயை நோக்கிக் குவியும். எட்டு வாசல், எட்டு ஒற்றையடித் தடங்கள், குழாயருகே ஒன்றாகி அகலும். மிதிபட்ட மண் இறுகி லேசாகப் பளபளக்கும், சுற்றியிருக்கும் மண்ணைவிட விரல் கனம் தாழ்ந்திருக்கும். படிக்கட்டின் கீழ்ப்படிக்கு முன்னால் ஒரு சின்னக் குழிவு. படியிலிருந்து இறங்குகிற கால் எப்போதும் அங்கேதான் விழுகிறது.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒரே படத்தை மட்டும் மறுபடி செய்தார்கள். புல், சரளை, வேலி மூன்றையும் எடுத்தார்கள். தட்டையான தரைக்குப் பதில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேடு பள்ளம் கொடுத்தார்கள். சுவரைத் தரைக்குள் இறக்கினார்கள், லோங்காங் வெட்டினார்கள், கறுப்புக் கோட்டை அழித்தார்கள். சூரியனைப் பழைய நேரத்துக்கு மாற்றினார்கள். வீடு உட்கார்ந்துவிட்டது. நிழலை அவர்கள் கூட்டவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் கூடவே இன்னொரு தவறும் வந்தது. கறை நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் எங்கும் கறை. சுவர் முழுக்க அழுக்கு, வாசல் முழுக்கச் சேறு, கவிழ்ந்த வாளி, குப்பை. லயம் என்றால் வறுமை, வறுமை என்றால் அழுக்கு என்று கை தானாகப் போய்விடுகிறது. பாட்டியின் அம்மா தினமும் கூட்டிய வாசல் அது. கூட்டிய மண் வாசலில் ஈர்க்குமாற்றின் வரிகள் அரைவட்டமாக, ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். கூட்டுகிறவர் பின்னால் நகர்ந்துகொண்டே போவதால் அந்த வளைவுகள் ஒரே திசையைப் பார்க்கும். தாழ்ந்த வெயிலில் ஒவ்வொரு வரியும் மயிரிழை அளவுக்கு நிழல் போடும். வெள்ளிக்கிழமையானால் சாணம் தெளித்து, அந்த வட்டம் மட்டும் மண்ணைவிடக் கருத்திருக்கும். அதன் நடுவில் கோலம். இதுவும் தொடுநிழலின் வேலையைத்தான் செய்கிறது. வாசற்படிக்கு முன்னால் ஒரு கருமை, படியிலிருந்து விலக விலகக் கரைகிறது. மூன்றாவது முறை செய்தபோது கறையை முழ உயரத்தில் நிறுத்திவிட்டு, விளக்குமாற்று வரிகளைச் சேர்த்தார்கள். இப்போதுள்ள ஆறாவது படம் அதுதான். பதினொன்றில் ஆகச் சிறந்தது என்பேன்.

ஏழாவது படத்தில் காட்டும் பழைய லயத்துக்கு வேறு பிரச்சினை. அது கால்களின் மேல் தூக்கிக் கட்டிய பலகை லயம். மிதப்பது போலத் தெரியக் கூடாது என்று அடியைச் சுற்றிச் செடி வைத்து மறைத்துவிட்டார்கள். இது பயந்து செய்த வேலை. நெகிரி செம்பிலானில் வீடுகள் உண்மையிலேயே தரைக்கு மேலேதான் நின்றன. மினாங்கபாவ் வீடுகள் மரக்கால்களில் நிற்கின்றன. 1908இல் கட்டி முடித்த ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை 99 தூண்களின் மேல் நிற்கிறது. அதன் அடியில் எவரும் செடி வைத்து மறைக்க வேண்டியதில்லை, மிதப்பதாகவும் தோன்றுவதில்லை. தூக்கிய வீட்டை நிறுத்துவது அதன் அடியிலுள்ள இருட்டு. முக்கால் மீட்டர் உயரத்தில் தளம் இருந்தால் விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக வெளிச்சம் வேகமாகக் குறைந்து, ஒரு மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய இருளாகிவிடும். மழை படாததால் அங்கே மண் வெளிறிப் புழுதியாக இருக்கும், வெளியே ஈர மண் கருத்திருக்கும். விறகு அடுக்கு, கோழி, பழைய தோம்பு எல்லாம் அங்கேதான் கிடக்கும். முன்வரிசைக் கால்கள் வெளிச்சத்திலும் பின்வரிசைக் கால்கள் இருட்டிலும் தெரிந்தால் போதும், வீட்டின் எடை கால் வழியாக இறங்கி மண்ணுக்குப் போவதைக் கண் தொடர்ந்துவிடும். செடியால் மறைத்தால் அந்த எடை எங்கே போகிறது என்றே தெரியாது. செடிகளை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. லோங்காங் எந்த ஆண்டு போட்டார்கள், பலகை லயத்தை எப்போது இடித்துத் தரைவீடு கட்டினார்கள் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். தரையைச் சரியாகக் காட்ட வேண்டுமென்றால் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். இவர்களின் பதினொரு படங்களும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை அல்ல. ஐந்தாவது படத்தில் லயத்து வாசலில் வாழையும் முருங்கையும் வளர்ந்து நிற்கின்றன, ஆறாவதில் அதே வாசல் வெறுமையாக இருக்கிறது. படத்தின் கீழே ஆண்டைப் போட்டுவிட்டால் இது குறையாகத் தெரியாது.

இன்னும் திருத்தாத படம் ஒன்பதாவது. பறவைப் பார்வையில் மேட்டின் மேல் பங்களா, பள்ளத்தில் லயம், நடுவில் நீளமாகச் செம்பருத்தி வேலி. அழகான படம், பலருக்கும் பிடித்த படம். வேலியில் ஓர் இடைவெளிகூட இல்லை. வாசல் சரளைப் பாதையின் முனையில் மட்டும்தான். அந்த வாசல் காருக்கு. காலையில் சமையலுக்கும் துணி துவைக்கவும் புல் வெட்டவும் லயத்திலிருந்து மேலே போனவர்கள் கார்ப் பாதையைச் சுற்றிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். பங்களாவின் பின்கட்டுக்கு நேராக வேலியில் ஓர் இடத்தில் ஆள் நுழையும் அளவுக்குத் தண்டுகள் ஒதுங்கியிருக்க வேண்டும். அங்கே இலை இருக்காது. இரண்டு பக்கமும் புல் செத்து, மண் இறுகி, ஒற்றையடித் தடம் ஒன்று பள்ளத்திலிருந்து ஏறி வந்து அந்த ஓட்டை வழியாகப் பின்படிக்குப் போக வேண்டும். அதைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.